நீருக்கடியில் ஒலிவேட்டை

இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலை நடுங்க வைத்த ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரத்தை நீருக்கு மேலேதான் கழித்தன. காரணம் அவற்றின் எந்திரத்தில் இருந்தது. டீசல் எந்திரம் ஓடக் காற்று வேண்டும். நீருக்கடியில் காற்று கிடையாது என்பதால், அங்கே பேட்டரியில் ஓடும் மின்மோட்டார்களை நம்பித்தான் நகர வேண்டும். ஜெர்மனி நூற்றுக்கணக்கில் கட்டிய ‘7சி’ வகை நீர்மூழ்கி, கடல்மேல் மணிக்கு 17 கடல்மைல் வேகத்தில் பாயும். மூழ்கிவிட்டால் முழு மூச்சாக ஓட்டினாலும் 7 கடல்மைலைச் சற்றே தாண்டும். அந்த வேகத்தில் பேட்டரி வெகுநேரம் தாங்காது. 4 கடல்மைல் வேகத்தில் மெல்லப் போனால் ஏறத்தாழ 80 கடல்மைல் தூரம் போகலாம். அதன்பின் மேலே வந்து, டீசலை ஓட்டி, பேட்டரிக்கு மின்னேற்றம் செய்தே ஆகவேண்டும்.

சரக்குக் கப்பல்களின் கூட்டம் மணிக்கு 8 முதல் 10 கடல்மைல் வேகத்தில் போகும். ஆகவே மூழ்கிய நீர்மூழ்கியால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. வேட்டையாட மேலே வரவேண்டும், ஒளிந்துகொள்ளக் கீழே போகவேண்டும். அந்தக் காலத்து நீர்மூழ்கிப் போர் முழுவதும் இந்த நிர்ப்பந்தத்தைச் சுற்றியே நடந்தது.

முதல் உலகப்போர் தொடங்கியபோது இந்தக் கப்பலால் என்ன செய்ய முடியும் என்பதைப் பிரிட்டிஷ் கடற்படையே சரியாக மதிப்பிடவில்லை. 1914 செப்டம்பர் 22 காலையில் ஓட்டோ வெடிகன் என்ற தளபதியின் யு-9 என்ற நீர்மூழ்கி, டச்சுக் கரைக்கு அப்பால் ரோந்து வந்த அபூகீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற 3 போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. முதல் கப்பல் கண்ணிவெடியில் சிக்கியதாக நினைத்து, மற்ற இரண்டும் உயிர்பிழைத்தவர்களை மீட்க அங்கேயே நின்றன; நின்ற கப்பல்கள் டார்பிடோவுக்கு எளிய இலக்காயின. 1,400 பேருக்கு மேல் இறந்தனர். அதே நாள் இரவில்தான் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியது. எம்டனை நீர்மூழ்கி என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அது கடல்மேல் ஓடிய சாதாரணப் போர்க்கப்பல்தான்.

அப்போது மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை. பெரிஸ்கோப் கண்ணில் பட்டால் சுடலாம், அல்லது கப்பலால் மோதலாம். பின்னர் ஹைட்ரஃபோன் வந்தது. அது நீருக்குள் இறக்கிவைக்கும் ஒலிவாங்கி. நீர்மூழ்கியின் சுழலி எழுப்பும் இரைச்சல் அதில் கேட்கும். ஆனால் கேட்பவரின் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் சொந்த இரைச்சல்தான் காதை அடைக்கும். எந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தால் தானே டார்பிடோவுக்கு இலக்காக நேரும். குறிப்பிட்ட ஆழத்தில் வெடிக்கும் ஆழ்குண்டு 1916-ல் புழக்கத்துக்கு வந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் அதனால் பயன் குறைவு.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி, எச்சரிக்கை எதுவும் இன்றிச் சரக்குக் கப்பல்களைத் தாக்கும் போரைத் தொடங்கியது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலில் போயின. பிரிட்டனைக் காப்பாற்றிய மருந்து புதுக் கருவி எதுவும் அல்ல. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்பும் பழைய ‘கான்வாய்’ முறைதான். கடற்படைத் தலைமை அதை நெடுநாள் எதிர்த்தது. கப்பல்களை ஓரிடத்தில் சேர்ப்பது எதிரிக்கு விருந்து வைப்பதாகும் என்றது. வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வந்துபோகின்றன, இத்தனைக்கும் காவலுக்கு எங்கே போவது என்றும் கேட்டது. ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற அதிகாரி அந்தக் கணக்கைக் கிண்டிப் பார்த்தார். கரையோரம் ஊர்ந்துபோகும் சின்னஞ்சிறு படகுகளையெல்லாம் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை அது. பெருங்கடலைக் கடந்து வருபவை வாரத்துக்கு 150-ஐக்கூட எட்டவில்லை. ஒரு பேரரசின் உணவு வழி, தவறாகக் கூட்டிய ஒரு பட்டியலால் அறுந்துபோக இருந்தது.

கான்வாய் பலன் தந்ததற்கான காரணம் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. கடல் மிகப் பெரியது. நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நிற்பவரின் பார்வை சில மைல்களுக்குள் முடிந்துவிடும். 30 கப்பல்கள் தனித்தனியே போனால், எதிரிக்கு 30 வாய்ப்புகள். அவையே நெருக்கமாகச் சேர்ந்து போனால், தொலைவிலிருந்து பார்க்கையில் ஒற்றைக் கப்பலைவிடச் சற்றே பெரிதாகத்தான் தெரியும்; ஆக எதிரிக்கு ஏறத்தாழ ஒரே வாய்ப்பு. மற்ற கடல் முழுவதும் வெறுமையாகிவிடும். தப்பித்தவறிக் கான்வாயைக் கண்டுவிட்டாலும், ஒன்றிரண்டு டார்பிடோக்களை விடுவதற்குள் மற்றவை கடந்துபோய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்மூழ்கியைத் தேடிக் கடலெங்கும் அலைந்த காவற்கப்பல்களிடம் அது தானே வந்து சேர வேண்டியதாயிற்று. 1917-18ல் பெருங்கடல் கான்வாய்களில் போன கப்பல்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இழக்கப்படவில்லை.

நீருக்கடியில் தேடும் கருவியும் அந்தப் போரின் கடைசியில்தான் உருவானது. பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லான்ஜவின், குவார்ட்ஸ் படிகத்தின் ஒரு விசித்திர குணத்தைப் பயன்படுத்தினார். அந்தப் படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது நுண்ணளவில் சுருங்கி விரியும். அதை அழுத்தினால் மின்னழுத்தம் தரும். மாறும் மின்னழுத்தத்தால் அதிரவைத்தால் நீரில் ஒலி பரவும். திரும்பிவரும் எதிரொலி அதே படிகத்தை அழுத்தி மின்குறியாகும். பிரிட்டன் இதை ‘ஆஸ்டிக்’ என்றது. அமெரிக்கர் வைத்த ‘சோனார்’ என்ற பெயர்தான் பின்னர் உலகெங்கும் நிலைத்தது.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஒலித்துடிப்பு கிளம்பி 2 நொடியில் எதிரொலி வந்தால், போக ஒரு நொடி, வர ஒரு நொடி. பொருள் 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கருவியை எந்தப் பக்கம் திருப்பியபோது எதிரொலி வந்தது என்பது திசையைச் சொல்லும். எதிரொலியின் சுருதி அனுப்பிய ஒலியைவிடச் சற்று உயர்ந்திருந்தால் நீர்மூழ்கி நெருங்கி வருகிறது. தாழ்ந்திருந்தால் விலகிப் போகிறது. திமிங்கலத்தையும், மீன்கூட்டத்தையும், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலையும், நீர்மூழ்கியையும் எதிரொலியிலேயே பிரித்தறியும் காது படைத்த மாலுமிகளைக் கடற்படைகள் தேடித் தேடிப் பயிற்றுவித்தன.

1939-ல் மீண்டும் போர் மூண்டபோது, ஆஸ்டிக் இருக்கும்வரை நீர்மூழ்கி பெரிய தொல்லை அல்ல என்று பிரிட்டிஷ் கடற்படை நம்பியிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் கார்ல் டோனிட்ஸ், முதல் போரில் தாமே நீர்மூழ்கி ஓட்டியவர். ஆஸ்டிக் மூழ்கிய கப்பலைத்தான் தேடும் என்பதை அவர் சரியாகக் கணித்தார். இரவில் கடல்மேல் வந்து தாக்கினால், தாழ்ந்த கருநிற உடல் இருட்டில் தெரியாது. எதிரொலியும் அலைகளின் இரைச்சலில் கலந்துவிடும். வேகமோ பல காவற்கப்பல்களுக்கு ஈடானது. ஒரு நீர்மூழ்கி கான்வாயைக் கண்டதும் வானொலியில் செய்தி சொல்லும். மற்றவை வந்து கூடும். இரவில் எல்லாம் சேர்ந்து பாயும். ஓநாய்க்கூட்டம் என்று பெயர்பெற்ற இந்த முறையில் 1940 இறுதியில் கான்வாய்கள் சூறையாடப்பட்டன.

இந்த முறை எங்கே வலுத்தது, எங்கே உடைந்தது என்பதை எச்.எக்ஸ்.112 என்ற ஒரே கான்வாயில் பார்க்கலாம். 1941 மார்ச்சில் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து 41 சரக்குக் கப்பல்கள் பிரிட்டனை நோக்கி வந்தன. காவலுக்கு வந்த நாசகாரிக் கப்பல்களுக்கும் கார்வெட்களுக்கும் ‘வாக்கர்’ கப்பலில் இருந்த டொனால்ட் மக்கின்டயர் தலைவர். ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஒரு நீர்மூழ்கி கான்வாயைக் கண்டு செய்தி அனுப்பியது. மற்றவை வந்தன. அவற்றில் ஜோகிம் ஷெப்கேயின் யு-100-உம் ஓட்டோ கிரெட்ஷ்மரின் யு-99-உம் இருந்தன.

கிரெட்ஷ்மரின் வழக்கம் மற்றவர்களுடையதைவிட வேறானது. மற்ற தளபதிகள் காவல் வளையத்துக்கு வெளியே நின்று தொலைவிலிருந்து பல டார்பிடோக்களை ஒருசேர ஏவுவார்கள். அவர் இருட்டில் கடல்மேலேயே காவலுக்கு நடுவே நழுவி, சரக்குக் கப்பல்களின் வரிசைகளுக்கு உள்ளே புகுந்துவிடுவார். அங்கே இலக்கு சில நூறு மீட்டரில் இருக்கும். கப்பலுக்கு ஒரு டார்பிடோ போதும். காவற்கப்பல்களோ தாக்கியவனைக் கான்வாய்க்கு வெளியே தேடிக்கொண்டிருக்கும். மார்ச் 16 இரவு அதுவேதான் நடந்தது. யு-99 உள்ளே இருந்தபடி 6 கப்பல்களைத் தாக்கியது. அவற்றில் 5 மூழ்கின. கண்ணுக்குத் தெரியாத எதிரியால் கப்பல்கள் ஒவ்வொன்றாய் எரிவதை மக்கின்டயர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

நள்ளிரவுக்குப் பிறகு நிலைமை திரும்பியது. யு-100 விட்டுச்சென்ற நுரைத் தடம் கண்ணில் பட, அதை மூழ்கவைத்து ஆழ்குண்டுகளால் தாக்கினார்கள். சேதமடைந்த ஷெப்கே, இருட்டை நம்பி மேலே வந்தார். ‘வானக்’ என்ற நாசகாரியில் புதிதாகப் பொருத்திய ரேடார் இருந்தது. செப்பமில்லாத தொடக்ககாலக் கருவிதான். ஆனாலும் அதன் திரையில் யு-100 தென்பட்டது. வானக் நேராகப் பாய்ந்து மோதியது. ஷெப்கே தமது மேல்தளத்திலேயே நசுங்கி இறந்தார். கப்பல் ஒன்று ரேடாரால் கண்டறிந்து அழித்த முதல் நீர்மூழ்கி அது.

பிழைத்தவர்களை வானக் மீட்டுக்கொண்டிருந்தபோது, வாக்கர் அதைச் சுற்றிக் காவல் வந்தது. அப்போது ஆஸ்டிக் மாலுமி, அருகிலேயே ஒரு எதிரொலி கேட்பதாகச் சொன்னார். குண்டுகளால் கலங்கிய நீரில் அது பொய்யாக இருக்கலாம் என்று மக்கின்டயர் முதலில் ஐயுற்றார். அது யு-99. டார்பிடோக்கள் தீர்ந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அது, காவலில் நின்ற அதிகாரி நாசகாரியைப் பக்கத்தில் கண்டு பதறியதால் மூழ்கியிருந்தது. மூழ்கியதுதான் வினையானது; மேலேயே இருந்திருந்தால் வாக்கரின் ஆஸ்டிக் அதைக் கேட்டிருக்காது. 6 ஆழ்குண்டுகள் விழுந்தன. எந்திரங்கள் நின்று, 200 மீட்டருக்கும் கீழே சரிந்த கப்பலைக் காற்றழுத்தத்தால் மேலே கொண்டுவருவது தவிரக் கிரெட்ஷ்மருக்கு வேறு வழி இல்லை. மேலே வந்ததும், ஒளிவிளக்குக் குறியீட்டில் தாம் மூழ்குவதாக எதிரிக்கே செய்தி சொல்லி ஆட்களைக் காப்பாற்றக் கேட்டார். 43 பேரில் 40 பேர் பிழைத்தனர். அவருடைய தொலைநோக்கியை மக்கின்டயர் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் ஆழ்குண்டு இவ்வளவு சுளுவாகப் பலிப்பது அரிது. ஆஸ்டிக்கின் ஒலிக்கற்றை கப்பலின் முன்பக்கம் கைவிளக்கின் ஒளிபோல் விரிந்து செல்லும். கப்பல் நெருங்க நெருங்க, ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி அந்தக் கற்றைக்குக் கீழே போய்விடும். கடைசி 150, 200 மீட்டரில் எதிரொலி அறுந்துபோகும். ஆழ்குண்டோ கப்பலின் பின்புறத்திலிருந்து உருட்டப்படுவது. 15 கடல்மைல் வேகத்தில் வரும் நாசகாரி அந்த 200 மீட்டரைக் கடக்க 25 நொடி ஆகும். குண்டு நொடிக்கு 3 மீட்டர் இறங்கி 100 மீட்டர் ஆழத்தை அடைய மேலும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக ஏறத்தாழ ஒரு நிமிடம் வேட்டைக்காரருக்குக் கண் இல்லை. மெதுவாகப் போகும் நீர்மூழ்கிகூட அதற்குள் 100 மீட்டர் நகர்ந்துவிடும். குண்டு கப்பலுடலைப் பிளக்க வேண்டுமானால் சில மீட்டருக்குள் வெடிக்க வேண்டும்.

நீர்மூழ்கித் தளபதியின் உயிர் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. ஆஸ்டிக்கின் துடிப்பு கப்பலுடலில் மோதுவது உள்ளே எல்லோருக்கும் கேட்கும். மேலே நாசகாரியின் சுழலி வேகமெடுக்கும் ஓசை கேட்டதும், தாக்குதல் தொடங்கிவிட்டது என்று தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் திசையைத் திருப்பி, வேகத்தைக் கூட்டி, ஆழத்தை மாற்றுவார். குண்டுகள் வெடித்தபின் கலங்கிய நீரில் சில நிமிடங்களுக்கு ஆஸ்டிக் பயனற்றுப்போகும். உள்ளே கசிந்த நீரை வெளியேற்றும் பம்புகளை அந்த இரைச்சலின் மறைவில்தான் ஓட்டுவார்கள்.

மற்ற நேரமெல்லாம் மௌனம். ஒரு மோட்டார், அல்லது இரண்டும் மிக மெதுவாகச் சுழலும். நடந்துபோகும் மனிதனைவிடக் குறைந்த வேகம். காரணம், சுழலி வேகமாகச் சுற்றினால் அதன் இதழ்களில் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகும். அவை உடையும் ஓசை பல மைல் கேட்கும். காற்றோட்டி, குளிர்ப்பெட்டி, தேவையற்ற பம்பு எல்லாம் நிறுத்தப்படும். வேலை இல்லாதவர்கள் படுக்கையில் அசையாமல் கிடப்பார்கள். அது சத்தத்துக்காக மட்டும் அல்ல, பிராணவாயுவை மிச்சப்படுத்தவும்தான். பேச்சு கிசுகிசுப்பாகும். ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட மேலே ஹைட்ரஃபோனில் கேட்டுவிடும். கரியமில வாயுவை உறிஞ்சும் வேதிப்பொருள் அடைத்த குப்பிகள் வழியே மூச்சுவிட்டபடி ஒரு நாள்வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்குமேல் காற்றும் பேட்டரியும் போட்டி போட்டுக்கொண்டு தீரும். பொறுமையுள்ள காவற்கப்பல் மேலேயே காத்திருந்தால், மௌனம் சாவைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது.

கடலே நீர்மூழ்கிக்குத் துணை செய்வதும் உண்டு. வெயிலில் மேல்நீர் சூடாகி, கீழே குளிர்ந்த நீர் தங்கியிருந்தால், இரண்டுக்கும் இடையில் வெப்பம் சட்டென்று மாறும் அடுக்கு ஒன்று இருக்கும். சூடான நீரில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் போவதால், ஒலிக்கற்றை அந்த அடுக்கில் வளைந்துவிடும். அடுக்குக்குக் கீழே ஒலி எட்டாத நிழல் பரப்புகள் உண்டாகும். காலையில் நன்றாகக் கேட்ட ஆஸ்டிக் பிற்பகலில் குறைவாகக் கேட்பதைக் கண்டு, கருவி கெட்டுவிட்டதாகப் பலர் நினைத்தனர், வெயில்தான் காரணம். நீரின் வெப்பத்தை ஆழவாரியாகப் பதிவுசெய்யும் கருவியை 1930-களின் இறுதியில் அத்தெல்ஸ்தன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கியபிறகு, நிழல் எங்கே விழும் என்று கணக்கிட முடிந்தது. தேடுபவருக்குப் பயன்பட்டதுபோலவே ஒளிபவருக்கும் அது பயன்பட்டது.

அந்த ஒரு நிமிடக் குருட்டுத்தனத்துக்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற எறிகருவி. எதிரொலி அறுந்துபோகும் முன்பே 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னே வட்டமாக வீசும். அவை எதன்மீதாவது மோதினால்தான் வெடிக்கும். குறி தவறினால் கடல் கலங்காது, தேடல் தொடரும். மற்றொன்றுக்குக் கருவியே தேவைப்படவில்லை. ஃபிரெடரிக் வாக்கர் என்ற தளபதி இரண்டு கப்பல்களை வைத்து வேட்டையாடினார். ஒன்று தொலைவில் நின்று எதிரொலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றது ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு, மிக மெதுவாக, பின்னாலிருந்து நீர்மூழ்கியின் தலைக்குமேல் ஊர்ந்து வரும். முதல் கப்பல் சொல்லும் கணத்தில் குண்டுகளை வரிசையாக உதிர்க்கும். வேகமெடுக்கும் சுழலியின் ஓசைக்காகக் காத்திருக்கும் நீர்மூழ்கித் தளபதிக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

கிரெட்ஷ்மரின் உள்ளே புகும் தந்திரத்துக்கான பதிலோ நிலத்தில், ஒரு கட்டடத்தின் தரையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1942 தொடக்கத்தில் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியும், கடற்படையில் சேர்ந்த இளம்பெண்கள் சிலரும், தரையில் சுண்ணக்கட்டியால் கடலை வரைந்து, பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, பழைய தாக்குதல்களைத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். டார்பிடோ போகக்கூடிய தூரத்தையும் மூழ்கிய கப்பல்கள் இருந்த இடங்களையும் ஒட்டிப் பார்த்தபோது, சுட்டவன் கான்வாய்க்கு உள்ளேதான் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கிரெட்ஷ்மர் சிறைபிடிக்கப்பட்டு அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன. பின்பக்கமாக நுழைபவன், சுட்டபின் மூழ்கிப் பின்பக்கமாகவே தங்கிவிடுவான் என்று கணித்து, காவற்கப்பல்கள் கான்வாயின் பின்னே சேர்ந்து துழாவும் முறையை வகுத்தார்கள். கடலில் பல ஆண்டு இருந்த தளபதிகள், கடலையே காணாத அந்தப் பெண்களிடம் அந்த விளையாட்டில் தோற்றுக் கற்றுக்கொண்டார்கள்.

ஓநாய்க்கூட்டத்தின் உயிர்நாடியான வானொலியும் அதற்குப் பகையானது. நீர்மூழ்கி அனுப்பும் சிறு செய்தியைக்கூடப் பிடித்து, அது வந்த திசையை உடனே காட்டும் கருவிகள் காவற்கப்பல்களில் ஏறின. செய்தியின் சங்கேதத்தை உடைக்கத் தேவையே இல்லை, பேசினாலே போதும். பேட்டரி ஏற்ற மேலே வந்தால் புதிய ரேடாரும் நீண்டதூர விமானங்களும் காத்திருந்தன. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24-ல் டோனிட்ஸ் வட அட்லாண்டிக் கான்வாய் வழிகளிலிருந்து தம் கப்பல்களைப் பின்வாங்கச் சொன்னார்.

மேலே வந்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் 1950-களில் அணு உலையோடு ஒழிந்தது. அணுசக்தி நீர்மூழ்கி மாதக்கணக்கில் கீழேயே இருக்கும். அதனால் வேட்டையும் மாறியது. ஒலித்துடிப்பை அனுப்பினால் தன் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் என்பதால், இன்றைய நீர்மூழ்கிகள் பெரும்பாலும் வெறுமனே கேட்கின்றன. பின்னால் நீண்ட கம்பிவடத்தில் கோத்த ஒலிவாங்கிகளை இழுத்துச்சென்று, சொந்த இரைச்சலிலிருந்து விலகிக் காதுகொடுக்கின்றன. உடல்மீது ஒலியை விழுங்கும் ரப்பர் ஓடுகள். எந்திரங்கள் அதிர்வைத் தாங்கும் மிதவைத் தளங்களில். கடலின் இயல்பான இரைச்சலுக்குக் கீழே தன் ஓசையை அடக்குவதே வடிவமைப்பின் இலக்கு.

வானொலிச் சிக்கலுக்கான விடை திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் நிற்கிறது. அங்குள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. இந்த அலை சில மீட்டர்கள் இறங்கும். நீர்மூழ்கி மேலே வராமலே கட்டளையைப் பெறலாம். பதில் சொல்ல அதனால் முடியாது, சொல்லவும் தேவை இல்லை.

இருந்தும் மிக அமைதியான நீர்மூழ்கி அணுசக்தியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அணு உலையைக் குளிர்விக்கப் பம்புகள் ஓடவேண்டும். பேட்டரிக்கு அது தேவையில்லை. 2005 முதல் 2007 வரை அமெரிக்கக் கடற்படை, ஸ்வீடனின் கோட்லண்ட் என்ற சிறு நீர்மூழ்கியை மாலுமிகளோடு வாடகைக்கு எடுத்துத் தன் கப்பல்களுக்கு எதிரியாக விட்டுப் பயிற்சி செய்தது. காற்றில்லாமலும் பேட்டரிக்கு மின்னேற்றும் எந்திரம் கொண்ட அந்தக் கப்பலால், அந்த வேகத்தில் வாரக்கணக்கில் கீழே இருக்க முடியும். வேகம் கூட்டினால் அந்த வாரங்கள் சுருங்கிவிடும்; அந்த ஒரு கணக்கு மட்டும் 1941-ல் இருந்ததுபோலவே இன்னும் இருக்கிறது.